ஒரே படத்தில் இரண்டு சர்க்யூட்: டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் வரைபடத்தை வாசிப்பது எப்படி?

ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பார்த்தவுடன் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள்கூட ஒரு முழு ஆம்ப்ளிஃபையர் படத்தைக் கையில் கொடுத்தால் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். எது பயாஸ் ரெசிஸ்டர், எது லோட், எந்த கெப்பாசிட்டர் வழியாக ஒலி போகிறது என்று கேட்டால் பதில் வராது. படத்தை இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் வாசிக்கப் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. அந்தப் படத்தில் இருப்பது ஒரு சர்க்யூட் அல்ல, இரண்டு. பயாஸ் என்கிற நிலையான வோல்டேஜைக் கொடுத்து டிரான்சிஸ்டரை விழிப்பு நிலையில் வைத்திருக்கும் டி.சி. சர்க்யூட் ஒன்று. அதன்மேல் ஏறிச் செல்லும் சிக்னலின் சர்க்யூட் இன்னொன்று. இரண்டும் ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். அதனால் படத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

மைக்ரோபோன் ப்ரீ ஆம்ப்ளிஃபையர்களில் அடிக்கடி காணப்படும் இரண்டு டிரான்சிஸ்டர் அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். படமாக வரைவதற்குப் பதில் எந்தப் பொருள் எந்த முனைக்கும் எந்த முனைக்கும் நடுவில் இருக்கிறது என்று பட்டியலாகத் தருகிறேன். ஒரு தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே வரைந்துகொள்ளுங்கள். வரைகிறபோதே பாதி புரிந்துவிடும்.

```
C1   IN     B     10uF
R1   +12V   B     47k
R2   B      GND   10k
R3   +12V   K     4.7k
R4   E      GND   1k
C2   E      GND   100uF
Q1   collector=K     base=B  emitter=E   BC547
Q2   collector=+12V  base=K  emitter=F   BC547
R5   F      GND   2.2k
C3   F      OUT   10uF
C4   +12V   GND   100uF
```

B, K, E, F என்பவை நான் முனைகளுக்கு வைத்த பெயர்கள். அச்சடித்த படங்களில் இப்படிப் பெயர் இருக்காது. அங்கே கவனிக்க வேண்டியது புள்ளியை. இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் கருப்புப் புள்ளி இருந்தால் இணைப்பு உண்டு. புள்ளி இல்லாமல் குறுக்கே போனால் இணைப்பு இல்லை. பல படங்களில் 4.7k என்பதை 4k7 என்று எழுதியிருப்பார்கள். நகலெடுக்கும்போது தசமப் புள்ளி அழிந்து 47k ஆகிவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம் அது.

முதலில் மூன்று அடையாளங்கள்

படத்தில் கை வைக்கும் முன் மூன்றைத் தேடுங்கள்: மேலே சப்ளை கோடு, கீழே கிரவுண்ட் கோடு, ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் அம்புக்குறி. அம்பு இருக்கும் கால் எமிட்டர். அம்பு வெளியே பார்த்தால் NPN, உள்ளே பார்த்தால் PNP. வட்டத்துக்குள் இருக்கும் நேர் கோட்டில் செங்குத்தாக வந்து சேரும் கால் பேஸ். மிச்சமிருப்பது கலெக்டர்.

நம் படத்தில் இரண்டுமே NPN. Q1-இன் எமிட்டர் R4 வழியாகக் கிரவுண்டுக்கும், கலெக்டர் R3 வழியாகச் சப்ளைக்கும் போகின்றன. Q2-இன் கலெக்டர் நேராகச் சப்ளையில் இருக்கிறது, எமிட்டரில்தான் ரெசிஸ்டர். இந்த வித்தியாசத்தை இப்போதே குறித்துவையுங்கள், பின்னால் உதவும்.

முதல் வாசிப்பு: கெப்பாசிட்டர்களை அழித்துவிடுங்கள்

நிலையான டி.சி. மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டர் விடாது. ஆகவே முதல் வாசிப்பில் எல்லாக் கெப்பாசிட்டரையும் அறுந்த கம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொண்ட காலத்தில் படத்தை நகலெடுத்து, கெப்பாசிட்டர்களின் மேல் உண்மையிலேயே பேனாவால் கிறுக்கி மறைத்துவிடுவேன். இப்போது C1 போய்விட்டதால் IN முனைக்கும் நமக்கும் தொடர்பில்லை. C3 போனதால் OUT முனையும் தனி. C2, C4 இரண்டும் இல்லை. ஐந்து ரெசிஸ்டரும் இரண்டு டிரான்சிஸ்டரும்தான் மிச்சம்.

இனி கேள்வி எளிது: Q1-இன் பேஸுக்கு வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது? பேஸ் காலில் விரல் வைத்துப் புறப்படுங்கள். R1 வழியாக மேலே சப்ளைக்குப் போகலாம், R2 வழியாகக் கீழே கிரவுண்டுக்குப் போகலாம். வேறு வழி இல்லை. ஆக R1-ம் R2-ம்தான் பயாஸ் ரெசிஸ்டர்கள். 12 வோல்ட்டை இவை இரண்டும் பங்கு போட்டு ஒரு பங்கைப் பேஸுக்குக் கொடுக்கின்றன.

அந்தப் பங்கு எவ்வளவு?

```
VB = 12 x 10 / (47 + 10) = 2.1 V
VE = 2.1 - 0.65          = 1.45 V
IE = 1.45 V / 1k         = 1.45 mA
VK = 12 - (1.45 x 4.7)   = 5.2 V
```

இரண்டாவது வரியில் வரும் 0.65 சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் விழும் வோல்டேஜ். இந்த ஒன்றைத் தவிர டிரான்சிஸ்டரைப் பற்றிய எந்த எண்ணும் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். BC547-இன் மின்னோட்டப் பெருக்கம் ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கே வேறுபடும். அது 150 ஆனாலும் 400 ஆனாலும் இந்த வோல்டேஜ்கள் பெரிதாக மாறக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடு. R1, R2 வழியாக ஓடும் மின்னோட்டம் சுமார் 0.2 மில்லி ஆம்பியர். பேஸ் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 6 மைக்ரோ ஆம்பியர்தான். குளத்தில் ஒரு சொம்பு மொண்டதுபோல. மட்டம் இறங்கியதே தெரியாது. உண்மையில் அளந்தால் பேஸ் 2.1-க்குக் கொஞ்சம் கீழே, 2.05 வோல்ட் பக்கம் நிற்கும்.

R4-ம் பயாஸ் ஏற்பாட்டில் சேர்ந்ததுதான். சூட்டினால் டிரான்சிஸ்டர் கூடுதலாக மின்னோட்டம் இழுக்கப் பார்த்தால் R4-இல் வோல்டேஜ் ஏறும், எமிட்டர் உயரும், பேஸுக்கும் எமிட்டருக்கும் உள்ள இடைவெளி குறையும், மின்னோட்டம் தானாக அடங்கும். எமிட்டரில் ரெசிஸ்டரைப் பார்த்தால் அது கடிவாளம் என்று நினைவில் வையுங்கள்.

சரி, Q2-க்கு பயாஸ் எங்கே? அதன் பேஸில் விரல் வைத்தால் நேராக Q1-இன் கலெக்டரில் போய் நிற்கிறோம். அங்கிருந்து மேலே R3. Q2-க்கென்று தனியாக இரண்டு ரெசிஸ்டர் தேடுகிறவர்கள் இங்கேதான் தொலைந்துபோவார்கள். தனி பயாஸ் கிடையாது. Q1-இன் கலெக்டரில் நிற்கும் 5.2 வோல்ட்டே Q2-க்கு பயாஸ். அதிலிருந்து 0.65 போனால் F முனையில் சுமார் 4.5 வோல்ட், R5 வழியாக 2 மில்லி ஆம்பியர். R3 என்ற ஒரே ரெசிஸ்டர் Q1-க்கு லோட், Q2-க்கு பயாஸ் வழி என இரண்டு வேலை பார்க்கிறது. இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கு நடுவில் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் இப்படித்தான் இருக்கும்: முன்னால் உள்ளதன் பயாஸ் கெட்டால் பின்னால் உள்ளதும் கெடும்.

வேறு படங்களில் R1 சப்ளையிலிருந்து வராமல் கலெக்டரிலிருந்தே பேஸுக்கு வந்திருக்கலாம், R2 இல்லாமலும் இருக்கலாம். அதுவும் பயாஸ்தான். விரல் வைத்துப் போகும் முறை அங்கேயும் செல்லும். பெயரை மனப்பாடம் செய்வதைவிட வழியைத் தேடுவது நல்லது.

இரண்டாம் வாசிப்பு: கெப்பாசிட்டர்கள் இப்போது கம்பிகள்

புதிய நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தமுறை மைக்ரோ ஃபாரட் அளவில் உள்ள கெப்பாசிட்டர்களை எல்லாம் நேர் கம்பியாக நினையுங்கள். கூடவே இன்னொரு விதி, பலருக்கும் இது ஏற்க முடியாததாக இருக்கும்: சப்ளை கோடும் கிரவுண்டும் சிக்னலுக்கு ஒன்றே. 12 வோல்ட் கோட்டின் வோல்டேஜ் ஆடாமல் நிற்கிறது. ஆடாத இடத்தில் சிக்னல் இல்லை. C4 அங்கே இருப்பதே அது ஆடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

இப்போது சிவப்புப் பென்சிலை IN முனையில் வையுங்கள். C1 கம்பியாகிவிட்டது, நேராகப் பேஸுக்கு வருகிறோம். அங்கே சிக்னலால் பேஸ் வோல்டேஜ் ஒரு துளி ஏறுகிறது என்று கொள்வோம். Q1 கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். R3-இல் விழும் வோல்டேஜ் கூடும். அதனால் K முனை கீழே இறங்கும். பேஸில் ஏற்றம், கலெக்டரில் பெரிய இறக்கம். சிக்னல் பெரிதாகிறது, தலைகீழாகவும் ஆகிறது. K முனையிலிருந்து Q2-இன் பேஸுக்குச் சிவப்புக் கோட்டை இழுத்து, அதன் எமிட்டர் வழியாக வெளியே வாருங்கள். Q2-இன் கலெக்டர் சப்ளையில் நேராக இருப்பதால் அங்கே வோல்டேஜ் ஆட வழியில்லை, எமிட்டர் மட்டும் பேஸைப் பின்தொடரும். இது சிக்னலைப் பெரிதாக்காது. பின்னால் எதை மாட்டினாலும் Q1-க்குப் பாரம் தெரியாமல் தாங்கிக்கொள்ளும். அங்கிருந்து C3 வழியாக OUT.

சிவப்புக் கோட்டை இப்போது பாருங்கள். அது கடந்த கெப்பாசிட்டர்கள் C1-ம் C3-ம் மட்டுமே. அவைதான் கப்ளிங் கெப்பாசிட்டர்கள். ஒரு பக்கம் டி.சி. நிற்கும், மறுபக்கம் அது போகக் கூடாது, சிக்னல் மட்டும் போக வேண்டும் என்கிற இடத்தில் நிற்கும் வாயிற்காவலர்கள். C3-இன் ஒரு பக்கம் 4.5 வோல்ட், மறுபக்கம் சுழியம். அவற்றின் பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதும் முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடுகிறது: டி.சி. அதிகமுள்ள பக்கம். C1-க்குப் பேஸ் பக்கம் பிளஸ், ஆனால் மைக்ரோபோனுக்கே தனியாக டி.சி. கொடுக்கும் சர்க்யூட்டானால் அந்தப் பக்கம் அதைவிட அதிகமாக இருக்கலாம். அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

C2: படத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பொருள்

C2 கிரவுண்டுக்குப் போகிறது, சிவப்புக் கோட்டில் இல்லை. அதனால் சிக்னலைக் கீழே கொட்டி வீணாக்குகிறது என்றோ, சப்ளை ஃபில்டர் என்றோ நினைத்துவிடுவார்கள். உண்மையில் இந்த ஆம்ப்ளிஃபையரின் பெருக்கத்தைத் தீர்மானிப்பதே இதுதான்.

R4-ஐக் கடிவாளம் என்றேன். டி.சி.க்கு அது தேவை. ஆனால் அது சிக்னலையும் சேர்த்து அடக்கிவிடும். C2 இல்லாமல் Q1-இன் பெருக்கம் ஏறக்குறைய R3-ஐ R4-ஆல் வகுத்தது: 4.7 மடங்கு. C2 வந்ததும் சிக்னலுக்கு R4 மறைந்துவிடுகிறது. எமிட்டரின் உள்ளே இயல்பாக இருக்கும் சிறு தடை மட்டும் மிஞ்சும். அதன் கணக்கு இது:

```
re   = 26 mV / 1.45 mA = 18 ohm
gain = 4700 / 18       = 260
```

4.7 எங்கே, 260 எங்கே! ஒரு 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் செய்யும் வேலை இது.

அது ஏன் C1-ஐவிடப் பத்து மடங்கு பெரியது என்பதற்கும் பதில் அந்த 18 ஓமில்தான். C1-க்கு எதிரே Q1-இன் உள்ளீட்டுத் தடை சுமார் 3 கிலோ ஓம். அதற்கு 10 மைக்ரோ ஃபாரட் போட்டால் 5 அல்லது 6 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலியையும் விட்டுவிடும். C2-க்கு எதிரே இருப்பதோ 20 ஓம் அளவுதான். 100 மைக்ரோ ஃபாரட் போட்டும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் சரியத் தொடங்கும். தாழ்ந்த ஒலி போதவில்லை என்று C1-ஐயும் C3-ஐயும் பெரிதாக்கிக்கொண்டே போகிறவர்கள் தொட வேண்டியது C2-ஐ.

சில படங்களில் எமிட்டர் ரெசிஸ்டர் இரண்டாகப் பிரிந்திருக்கும், மேலே 100 ஓம், கீழே 900 ஓம் என்பதுபோல. கெப்பாசிட்டர் கீழே உள்ளதற்கு மட்டும் குறுக்கே இருக்கும். வரைந்தவர் தெரியாமல் செய்த பிழை அல்ல. மேலே உள்ள 100 ஓம் சிக்னலுக்கும் மறையாமல் நிற்பதால் பெருக்கம் 260-லிருந்து 40-க்கு இறங்குகிறது. பதிலாகக் கரகரப்பு வெகுவாகக் குறைகிறது. முழுதாக மறைக்கப்பட்ட எமிட்டர் சில மில்லி வோல்ட் உள்ளீட்டிலேயே அலையின் வடிவத்தைக் கோணலாக்கத் தொடங்கும். பாட்டுக்கு நான் பிரித்த வடிவத்தையே விரும்புவேன்.

இன்னொன்றும் கண்ணில் படலாம்: கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் 47 பைக்கோ ஃபாரட் போன்ற குட்டிக் கெப்பாசிட்டர். சிக்னல் வழியில் இருப்பதுபோல் தெரிந்தாலும் அது கப்ளிங் அல்ல. செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்களை அடக்க வைத்தது. இரண்டாம் வாசிப்பில் அதைக் கம்பியாக்கிவிடாதீர்கள். அதனால்தான் முன்பே மைக்ரோ ஃபாரட் என்று சொல்லி வைத்தேன்.

போர்டில் சரிபார்ப்பது

வாசித்தது சரிதானா என்று மல்டிமீட்டர் சொல்லும். கருப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து B, E, K, F நான்கையும் அளந்து படத்தில் பென்சிலால் எழுதுங்கள். 2.05, 1.4, 5.4, 4.7 என்று ஏறக்குறைய வந்தால் டி.சி. சர்க்யூட் நலம். படத்தில் கால் வரிசை இருக்காது என்பதை மறக்க வேண்டாம். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் BC547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அதற்குப் பதில் 2N3904 போட்டிருந்தால் வரிசை அப்படியே திரும்பிவிடும்.

எண்கள் மாறியிருந்தால் மாறிய விதமே குற்றவாளியைக் காட்டும். R1 அறுந்தால் பேஸ் சுழியம், Q1 தூங்கிவிடும், K கிட்டத்தட்ட 12-க்கு ஏறும், F-உம் 11-க்கு மேல் போகும். இதைப் பார்த்து Q2 கெட்டுவிட்டது என்று கழற்றுவோர் உண்டு. Q2 பாவம், தன் பேஸில் வந்ததைத்தான் பின்தொடர்கிறது. R2 அறுந்தால் நேர் எதிர்: பேஸ் 2.9 பக்கம் ஏறி, எமிட்டர் 2.2, K 2.3 என இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கலெக்டரும் எமிட்டரும் இப்படி ஒட்டி நின்றால் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்துவிட்டது, சிக்னலுக்கு ஆட இடமில்லை. C2 ஷார்ட் ஆனால் எமிட்டர் சுழியம், பேஸ் 0.7, K சுழியத்துக்குப் பக்கத்தில்.

C1 கசிவது கொஞ்சம் நயவஞ்சகமானது. டைனமிக் மைக்ரோபோனின் கம்பிச்சுருள் வழியாகக் கிரவுண்டுக்கு டி.சி. வழி கிடைத்துவிடுவதால் பேஸ் 1.2 வோல்ட் போல் இறங்கும், K 9-க்கு மேல் ஏறும். R1-ஐயும் R2-ஐயும் கழற்றி அளந்தால் இரண்டும் சரியாக இருக்கும். மைக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பேஸ் 2.05-க்குத் திரும்பினால் C1-ஐ மாற்றுங்கள்.

மீட்டரால் பிடிக்கவே முடியாதது C2 அறுவது. டி.சி. வாசிப்பில் அது இல்லவே இல்லை அல்லவா? நான்கு எண்களும் அச்சடித்ததுபோல் சரியாக வரும், சத்தம் மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். இதே அமைப்புள்ள பழைய போர்டு ஒன்றில் குரல் தொலைபேசியில் கேட்பதுபோல் மெலிந்து வந்தது. வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் Q1-ஐ மாற்றினேன், அப்புறம் Q2-ஐ மாற்றினேன், ஒரு மாலை முழுக்கப் போயிற்று. கடைசியில் ஒரு புது 100 மைக்ரோ ஃபாரட்டை எடுத்து, மைனஸ் காலைக் கிரவுண்டில் வைத்து, பிளஸ் காலால் எமிட்டரைத் தொட்டேன். ஸ்பீக்கரில் குரல் அறையை நிறைத்தது. கழற்றிய பழைய கெப்பாசிட்டரை அளந்தபோது ஒன்றரை மைக்ரோ ஃபாரட்கூட இல்லை, உள்ளே காய்ந்து போயிருந்தது.